மொத்தத் தனிப்பிழையைக் குறைத்து நேர்கோடு பொருத்துவது எப்படி: நேரியல் திட்டமிடல் வழியில் ஒரு கணக்கு

ஒரு தொட்டிக்குள் சீரான வேகத்தில் தண்ணீர் விழுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை சென்டிமீட்டரில் அளந்து எழுதுகிறோம். ஆறு நிமிடங்களில் கிடைத்த அளவுகள் முறையே 3, 5.4, 6.5, 9, 10.7, 13.2. கையால் அளந்தவை என்பதால் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனாலும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில்தான் விழுகின்றன. கணினியில் ஏற்றும்போது கடைசி அளவின் இலக்கங்கள் இடம் மாறி, 13.2 என்பது 31.2 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

மட்டம் = a + b × நேரம் என்ற கோட்டை வழக்கமான மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தினால் என்ன வரும்? சரியான தரவுக்கு b சுமார் 1.98, a சுமார் 1.03. தட்டச்சுப் பிழை உள்ள தரவுக்கு b சுமார் 4.55, a சுமார் −4.97. அதாவது, தொடக்கத்தில் தொட்டியில் மைனஸ் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் இருந்ததாகக் கணக்கு சொல்கிறது. ஆறில் ஒரு புள்ளி தவறியதற்கு இவ்வளவு பெரிய தண்டனை.

காரணம் எளிது. பிழையை வர்க்கப்படுத்தும்போது 18 அளவுள்ள பிழை 324 ஆகிறது, 0.5 அளவுள்ள பிழை 0.25 ஆகச் சுருங்குகிறது. அந்த ஒரே ஒரு 324-ஐக் குறைப்பதற்காக மற்ற ஐந்து புள்ளிகளையும் விட்டு விலகக் கோடு தயாராகிவிடுகிறது. வர்க்கப்படுத்தாமல், பிழையின் குறியை மட்டும் நீக்கிவிட்டுக் கூட்டினால், 18 என்பது 18 ஆகவே இருக்கும். மொத்தத் தனிப்பிழை என்னும் அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கும் கோட்டைத்தான் இங்கே தேடப்போகிறோம்.

இந்த யோசனை மீச்சிறு வர்க்க முறையைவிடப் பழையது. லெஜாந்தர் வர்க்க முறையை அச்சில் வெளியிட்டது 1805-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1757-இல், பூமியின் வடிவத்தைக் கணிக்க முயன்ற போஸ்கோவிச், பிழைகளின் தனி மதிப்புகளைக் கூட்டிக் குறைக்கலாம் என்று முன்வைத்துவிட்டார். ஆனால் கையால் கணக்குப் போட்ட காலத்தில் வர்க்க முறைக்கு நேரடிச் சூத்திரம் இருந்தது, இதற்கு இல்லை. 1955-இல் சார்ன்ஸ், கூப்பர், பெர்குசன் ஆகிய மூவரும் இதை நேரியல் திட்டமிடலாக, அதாவது நேரியல் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஒரு நேரியல் தொகையைக் குறைக்கும் கணக்காக, எழுதிக் காட்டினார்கள். நாம் செய்யப்போவதும் அதுதான்.

தனி மதிப்பை எப்படி நேரியலாக்குவது

நமக்கு வேண்டியது இது:

```
குறைக்க:  |y1 − a − b·x1| + |y2 − a − b·x2| + ... + |y6 − a − b·x6|
```

இதில் தெரியாதவை a, b இரண்டு மட்டும்தான். ஆனால் தனி மதிப்பு என்பது நேரியல் சார்பு அல்ல. பூஜ்ஜியத்தில் சட்டென்று மடங்கும். வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தும் வழக்கமான வழி அந்த மடிப்பில் மாட்டிக்கொள்ளும். நேரியல் திட்டமிடல் கணக்கைத் தீர்க்கும் நிரலான சால்வருக்கோ கூட்டல், கழித்தல், எண்ணால் பெருக்கல், "இதைவிடச் சிறியதல்ல" போன்ற கட்டுப்பாடுகள், இவை மட்டும்தான் தெரியும். தனி மதிப்பு என்று எழுதினால் அது எடுத்துக்கொள்ளாது.

வழி இதுதான். ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் இரண்டு துண்டாகப் பிரிக்கிறோம். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் எவ்வளவு மேலே என்பது p. கீழே இருந்தால் எவ்வளவு கீழே என்பது n. இரண்டும் பூஜ்ஜியமோ அதற்கு மேலோதான் இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சமன்பாடு கிடைக்கிறது:

```
a + b·xi + pi − ni = yi
```

நம் தரவில் மூன்றாவது நிமிடத்துக்கு இது a + 3b + p3 − n3 = 6.5 ஆகும். கோடு அந்த நேரத்தில் 7 என்று சொன்னால், புள்ளி அரை சென்டிமீட்டர் கீழே கிடக்கிறது. ஆக p3 = 0, n3 = 0.5.

இங்கே கவனமாகப் படிப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். p3 = 2, n3 = 2.5 என்று வைத்தாலும் சமன்பாடு சரியாகத்தானே இருக்கிறது? இருக்கிறதுதான். ஆனால் நாம் குறைக்கப்போவது எல்லா p, n-களின் கூட்டுத்தொகையை. p3 = 2, n3 = 2.5 என்றால் அந்தப் புள்ளிக்கு 4.5 செலவாகிறது. இரண்டிலிருந்தும் 2-ஐக் கழித்தால் சமன்பாடு அப்படியே நிற்கும், செலவு 0.5 ஆகிவிடும். எனவே உகந்த தீர்வில் ஒரு புள்ளியின் p, n இரண்டும் ஒரே நேரத்தில் நேர்ம எண்களாக இருக்கவே முடியாது. ஒன்று பூஜ்ஜியமாகிவிடும், மற்றது தனி மதிப்பாகவே ஆகிவிடும். இதற்கென்று தனியாக எந்தக் கட்டுப்பாடும் எழுத வேண்டியதில்லை, குறைக்கும் வேலையே அதைப் பார்த்துக்கொள்கிறது. இதே காரணத்தால், தனி மதிப்பைப் பெரிதாக்கும் கணக்குக்கு இந்த உத்தி உதவாது.

முழுக் கணக்கு இப்போது இப்படி இருக்கும்:

```
குறைக்க:        p1 + n1 + p2 + n2 + ... + p6 + n6
கட்டுப்பாடுகள்:  a + b·xi + pi − ni = yi     (i = 1 முதல் 6 வரை)
                pi ≥ 0,  ni ≥ 0
                a, b எந்த எண்ணாகவும் இருக்கலாம்
```

மொத்தம் 14 மாறிகள், 6 சமன்பாடுகள். இன்னொரு விதமாகவும் எழுதுவார்கள்: புள்ளிக்கு ஒரே ஒரு t மாறி, அது பிழையைவிடவும் பிழையின் எதிர்க்குறியைவிடவும் சிறியதாக இருக்கக்கூடாது என்று இரண்டு சமனின்மைகள். விடை ஒன்றுதான். எனக்கு p, n வடிவம்தான் பிடிக்கும். எந்தப் புள்ளி மேலே, எது கீழே என்று விடையிலேயே தெரிந்துவிடும்.

கணினியில் எழுதுவது

பைதானில் `scipy` தொகுப்பின் `linprog` இதற்குப் போதும். மாறிகளை a, b, ஆறு p, ஆறு n என்ற வரிசையில் அடுக்குகிறோம். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் செலவு, அணி, எல்லைகள் மூன்றும் இதே வரிசையில்தான் இருக்க வேண்டும்.

```python
import numpy as np
from scipy.optimize import linprog

x = np.array([1, 2, 3, 4, 5, 6])
y = np.array([3, 5.4, 6.5, 9, 10.7, 31.2])
m = len(x)

c = np.concatenate([[0, 0], np.ones(2*m)])
A = np.hstack([np.ones((m, 1)), x.reshape(-1, 1),
               np.eye(m), -np.eye(m)])
limits = [(None, None)]*2 + [(0, None)]*(2*m)

r = linprog(c, A_eq=A, b_eq=y, bounds=limits, method="highs")
print(r.status, r.fun, r.x[:2])
```

`c` என்பது செலவு. a, b-க்குச் செலவு இல்லை, அதனால் முதல் இரண்டும் 0. மற்ற பன்னிரண்டும் 1. `A`-வின் ஒவ்வொரு வரிசையும் ஒரு புள்ளியின் சமன்பாடு: முதலில் a-க்கு 1, அடுத்து b-க்கு x, பிறகு அந்தப் புள்ளியின் p-க்கு 1, n-க்கு −1. `limits` மாறிகளின் எல்லைகளைச் சொல்கிறது.

ஓட்டினால் `status` 0 என்று வரும். உகந்த தீர்வு கிடைத்துவிட்டது என்று பொருள். `r.fun` 19.4, a = 1, b = 2. கடைசி இலக்கங்களில் மிதவைப்புள்ளித் துகள்கள் ஒட்டியிருக்கலாம், பொருட்படுத்த வேண்டாம்.

அதாவது கோடு: மட்டம் = 1 + 2 × நேரம். இந்தக் கோட்டின்படி ஆறு நிமிடங்களுக்கும் 3, 5, 7, 9, 11, 13 வர வேண்டும். முதல் புள்ளியும் நான்காம் புள்ளியும் சரியாகக் கோட்டின் மீதே இருக்கின்றன. இரண்டாவது 0.4 மேலே, மூன்றாவது 0.5 கீழே, ஐந்தாவது 0.3 கீழே, தவறிய ஆறாவது 18.2 மேலே. கூட்டினால் 19.4. வர்க்க முறை தந்த கோட்டுக்கு இதே கூட்டுத்தொகை சுமார் 27.1 வருகிறது.

இப்போது 31.2-ஐ மீண்டும் 13.2 ஆக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மொத்தப் பிழை 1.4 ஆகக் குறையும், ஆனால் கோடு அதே 1 + 2 × நேரம்தான். தட்டச்சுப் பிழை கோட்டை அசைக்கவே இல்லை. சற்றுத் துணிந்து 312 என்று வையுங்கள். மொத்தம் 300.2 ஆகும், கோடு அப்போதும் நகராது. இது எப்படி என்பதற்கு விடை கீழே வருகிறது.

கோடு ஏன் இரண்டு புள்ளிகள் வழியே போகிறது

கோடு முதல் புள்ளியையும் நான்காம் புள்ளியையும் துல்லியமாகத் தொட்டது தற்செயல் அல்ல. சால்வர்கள் பயன்படுத்தும் சிம்ப்ளெக்ஸ் முறை, கட்டுப்பாடுகள் வகுக்கும் பரப்பின் ஒரு மூலையில்தான் எப்போதும் வந்து நிற்கும். ஆறு சமன்பாடுகள் இருந்தால், மூலையில் அதிகபட்சம் ஆறு மாறிகளே பூஜ்ஜியம் அல்லாத மதிப்பு பெற முடியும். அதில் a, b இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் நான்கு. ஆறு புள்ளிகளில் நான்குக்கு மட்டும்தான் பிழை இருக்க முடியும் என்றால், குறைந்தது இரண்டு புள்ளிகளுக்குப் பிழையே இல்லை.

இதிலிருந்து சின்னத் தரவுக்குக் கையாலேயே விடை காணும் வழி ஒன்று கிடைக்கிறது. ஆறு புள்ளிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 கோடுகள். ஒவ்வொன்றுக்கும் மொத்தப் பிழையைக் கணக்கிட்டு, குறைந்ததை எடுத்தால் போதும். ஆயிரம் புள்ளிகள் என்றால் 4,99,500 கோடுகள், அப்போது சால்வர்தான் சரி. ஆனால் நீங்கள் எழுதிய நிரல் சரிதானா என்று சோதிக்க, ஐந்தாறு புள்ளிகளில் இந்த முரட்டு வழியை ஒருமுறை ஓட்டி ஒப்பிடுவதைப் போல நம்பிக்கை தரும் வேலை வேறில்லை.

கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் வந்தால் என்ன பொருள்? ஒன்று, நிரலில் எங்கோ தவறு. அல்லது உகந்த கோடுகள் பல இருக்க, மூலைக்கு வராமல் நடுவில் நின்றுவிடும் வகைச் சால்வர் ஒன்று அவற்றில் ஏதோ ஒன்றைத் தந்திருக்கிறது.

19.4-க்குக் கீழே போகவே முடியாது என்பதற்குச் சான்று

சால்வர் சொன்னால் நம்பிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நேரியல் திட்டமிடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: விடையோடு சேர்த்து, அதைவிட நல்ல விடை இல்லை என்பதற்கான சான்றையும் சால்வர் தந்துவிடும். அதைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நாமே சரிபார்க்கலாம்.

சான்று என்பது புள்ளிக்கு ஒன்றாக ஆறு எண்கள். அவற்றை d என்போம். இந்த வரியைச் சேர்த்தால் திரையில் வரும்:

```python
print(r.eqlin.marginals)
```

நம் கணக்கில் அவை 0, 1, −1, 0, −1, 1. கோட்டுக்கு மேலே உள்ள புள்ளிகளுக்கு 1, கீழே உள்ளவற்றுக்கு −1, கோட்டின் மீது உள்ளவற்றுக்கு −1 முதல் 1 வரையுள்ள ஏதோ ஓர் எண். இங்கே அது இரண்டு புள்ளிகளுக்கும் 0.

இந்த ஆறு எண்களிடமும் மூன்று குணங்கள் இருக்கின்றன. எதுவும் −1-க்கும் 1-க்கும் வெளியே போகவில்லை. கூட்டினால் பூஜ்ஜியம்: 0 + 1 − 1 + 0 − 1 + 1 = 0. நேரத்தால் பெருக்கிக் கூட்டினாலும் பூஜ்ஜியம்: 2 − 3 − 5 + 6 = 0.

இனி எந்தக் கோட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், a, b உங்கள் விருப்பம். ஒரு புள்ளியின் பிழையை −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் பெருக்கினால், அது அந்தப் பிழையின் தனி மதிப்பைத் தாண்டாது. எனவே

```
மொத்தத் தனிப்பிழை ≥ Σ di·(yi − a − b·xi)
                  = Σ di·yi − a·Σ di − b·Σ di·xi
                  = Σ di·yi
```

a-வோடு ஒட்டிய கூட்டுத்தொகை பூஜ்ஜியம், b-யோடு ஒட்டியதும் பூஜ்ஜியம். இரண்டும் காணாமல் போய்விட்டன. மிஞ்சியது 5.4 − 6.5 − 10.7 + 31.2 = 19.4. அதாவது எந்த a, எந்த b எடுத்தாலும் மொத்தப் பிழை 19.4-க்குக் குறையாது. நம் கோட்டின் பிழை சரியாக 19.4. வேலை முடிந்தது, இதைவிட நல்ல கோடு இல்லை.

மேலே ஒத்திவைத்த கேள்விக்கும் இங்கேதான் விடை. ஆறாவது அளவு 13.2 ஆக இருந்தாலும், 31.2 ஆக இருந்தாலும், 312 ஆக இருந்தாலும் அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. அதன் d எண் 1 ஆகவே இருக்கும், அந்த மூன்று குணங்களும் கெடாது, சான்று அதே கோட்டுக்குப் பொருந்தும். எவ்வளவு மேலே என்பது கணக்கிலேயே வரவில்லை, எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் வருகிறது. ஆனால் ஆறாவது அளவு 13-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதன் d −1 ஆக வேண்டும், கூட்டல் கணக்கு உடைந்துவிடும், கோடும் மாறிவிடும்.

b-யை விட்டுவிட்டு a மட்டும் வைத்து, படுக்கைக் கோடு ஒன்றைப் பொருத்தினால், மேலே இருப்பவையும் கீழே இருப்பவையும் எண்ணிக்கையில் சமமாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான் மிஞ்சும். அது வேறொன்றுமில்லை, இடைநிலை அளவு. வர்க்க முறை சராசரிக்கு எப்படியோ, அப்படித்தான் இந்த முறை இடைநிலை அளவுக்கு.

எங்கே சறுக்கும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது எல்லைகளில். `linprog`-இல் `bounds` எதுவும் தராவிட்டால், எல்லா மாறிகளும் பூஜ்ஜியமோ அதற்கு மேலோ என்று அது எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் a = 1, b = 2, இரண்டுமே நேர்ம எண்கள், அதனால் தவறு வெளியே தெரியாது. ஆபத்தே அதுதான்: ஒரு தரவில் சரியாக வந்த நிரல் அடுத்த தரவில் வாயைத் திறக்காமல் பொய் சொல்லும். தொட்டியில் தண்ணீர் வடிகிறது, அளவுகள் 13.2, 10.7, 9, 6.5, 5.4, 3 என்று வைத்து, எல்லை தராமல் ஓட்டுங்கள். சாய்வு எதிர்ம எண்ணாக முடியாது, எனவே b = 0 என்று வந்து நிற்கும்; a என்பது இடைநிலை அளவுகளான 6.5-க்கும் 9-க்கும் இடையில் எங்காவது இருக்கும். `status` அப்போதும் 0 என்றே சொல்லும். சாய்வோ வெட்டுத்துண்டோ துல்லியமாகப் பூஜ்ஜியம் என்று வந்தால் முதலில் எல்லைகளைப் பாருங்கள்.

அடுத்தது செலவு வரிசை. n-களுக்கு 1 போட மறந்து 0 விட்டுவிட்டால், கோட்டை எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே தூக்கி வைப்பது இலவசமாகிவிடும். `r.fun` பூஜ்ஜியம் என்று வரும். புள்ளிகள் உண்மையிலேயே ஒரே கோட்டில் இருந்தாலொழிய அந்தப் பூஜ்ஜியத்தை நம்பாதீர்கள். n-களுக்கு −1 போட்டுவிட்டால் செலவு முடிவில்லாமல் இறங்கும், `status` 3 வரும். சரியாக எழுதிய கணக்கில் இது வரவே வராது. a = b = 0 என்று வைத்தாலே ஒரு தீர்வு இருக்கிறது, செலவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. எனவே `status` 2 (தீர்வே இல்லை), 3 (எல்லையில்லை) இரண்டுமே தட்டச்சுத் தவறின் அடையாளங்கள்.

மூன்றாவது சிக்கல் நிரலின் தவறு அல்ல, முறையின் இயல்பு. உகந்த கோடு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. (1, 1), (1, 3), (2, 2), (2, 4) என்ற நான்கு புள்ளிகளை எடுங்கள். x = 1-இல் 1-க்கும் 3-க்கும் இடையே எங்கே நுழைந்து, x = 2-இல் 2-க்கும் 4-க்கும் இடையே எங்கே வெளியேறினாலும் மொத்தப் பிழை 4 தான். சாய்வு −1 முதல் 3 வரை எதுவாகவும் இருக்கலாம்! சால்வர் அதில் ஒன்றை எடுத்துத் தந்துவிட்டு, வேறு விடைகள் உண்டு என்று சொல்லாமல் இருந்துவிடும். கண்டுபிடிக்க வழி உண்டு. முதலில் குறைந்தபட்ச மொத்தத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு, எல்லா p, n-களின் கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டக்கூடாது என்று ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்து, b-யை ஒருமுறை குறைத்தும் ஒருமுறை கூட்டியும் பாருங்கள். மிதவைப்புள்ளித் துகள்களுக்காக அந்த எல்லையை ஒரு மிகச் சிறிய அளவு தளர்த்த வேண்டியிருக்கலாம். இரண்டு விடைகளும் ஒன்றாக வந்தால் சாய்வு ஒன்றுதான். வேறுபட்டால், அந்த இடைவெளியையே விடையாகச் சொல்லுங்கள்.

நான்காவதுதான் பலர் நம்ப மறுப்பது. விலகிய புள்ளிகளை இந்த முறை தாங்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். y-இல் வரும் தவறுகளைத் தாங்கும், உண்மை. x-இல் வரும் தவறுகளைத் தாங்காது. நீர்மட்டத்தைச் சரியாக 13.2 என்று எழுதிவிட்டு, நேரத்தை 6 என்பதற்குப் பதில் 60 என்று தட்டிவிட்டோம் என்று கொள்வோம். 1 + 2 × நேரம் என்ற கோடு 60-இல் 121 என்று சொல்லும். அந்த ஒரே புள்ளியில் 107.8 பிழை, மொத்தம் 109. அந்தத் தவறிய புள்ளி வழியாகவும் மூன்றாம் புள்ளி வழியாகவும் போகும் கோட்டின் சாய்வு சுமார் 0.12. மற்ற புள்ளிகளை அது மோசமாகத் தவறவிடுகிறது, ஆனாலும் மொத்தப் பிழை சுமார் 10.6 தான். சால்வர் இதைத்தான் தேர்ந்தெடுக்கும், நாம் கேட்டதற்கு அதுவே சரியான விடையும்கூட.

காரணம் அந்தச் சான்றிலேயே இருக்கிறது. d-களை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். 1 முதல் 5 வரை உள்ள நேரங்கள் எல்லாம் சேர்ந்தாலும் 15 தான் வரும். தனியாக நிற்கும் 60-ஐ அவற்றால் ஈடுகட்டவே முடியாது. எனவே அந்தப் புள்ளியின் d 1 ஆகவோ −1 ஆகவோ இருக்க வழியில்லை. கோடு அதைத் தொட்டே ஆக வேண்டும். சோதனையும் இதுவேதான்: கோடு தொடும் இரண்டு புள்ளிகளில் ஒன்று மற்றவற்றை விட்டு x திசையில் வெகு தூரத்தில் இருந்தால், அந்தப் புள்ளியை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். கோடு தலைகீழாக மாறினால், உங்கள் விடை அந்த ஒரு புள்ளியின் விடை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தரவில் தட்டச்சுப் பிழையோ கருவிக் கோளாறோ இல்லை, சிதறல் இயல்நிலைப் பரவலில்தான் இருக்கிறது என்றால் வர்க்க முறையே மேல். அப்போது அது தரும் துல்லியத்தை இந்த முறையில் எட்ட, பெரிய தரவுகளில், சுமார் 1.57 மடங்கு அளவீடுகள் தேவைப்படும். நான் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பேன். சாய்வுகள் அருகருகே வந்தால் வர்க்க முறையை வைத்துக்கொள்வேன். தூரமாக வந்தால் எந்தப் புள்ளியால் என்று தேடுவேன்.

புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால்

மேலே உள்ள நிரலில் `np.eye(m)` முழு அணியாக உருவாகிறது. 10,000 புள்ளிகளுக்கு `A`-வில் 10,000 வரிசைகள், 20,002 நிரல்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் சுமார் 1.6 ஜிகாபைட் நினைவகம். அதில் ஏறக்குறைய எல்லாமே பூஜ்ஜியங்கள். `scipy.sparse`-இல் உள்ள `eye`, `hstack` கொண்டு அதே அணியைக் கட்டினால் பூஜ்ஜியங்களைச் சேமிக்க வேண்டியதில்லை, `linprog`-இன் `highs` முறை அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

அதைவிட அழகான வழி, சான்றையே நேராகத் தேடுவது. −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட d எண்களில், கூட்டுத்தொகை பூஜ்ஜியம், நேரத்தால் பெருக்கிய கூட்டுத்தொகை பூஜ்ஜியம் என்ற இரண்டு சமன்பாடுகளுக்கு உட்பட்டு, Σ di·yi-ஐ எவ்வளவு பெரிதாக்க முடியும்? இதுதான் நம் கணக்கின் இருமைக் கணக்கு. புள்ளிகள் எத்தனை ஆனாலும் சமன்பாடுகள் இரண்டே. `linprog` குறைக்க மட்டும் செய்யும், அதனால் y-க்கு எதிர்க்குறி போடுகிறோம்:

```python
D = np.vstack([np.ones(m), x])
s = linprog(-y, A_eq=D, b_eq=[0, 0], bounds=(-1, 1), method="highs")
print(-s.fun, s.x)
print(-s.eqlin.marginals)
```

முதல் வரியில் 19.4-உம் அந்த ஆறு d எண்களும் வரும். இரண்டாவது வரியில் a, b, அதாவது 1-உம் 2-உம். அங்கேயும் எதிர்க்குறி தேவை, விட்டுவிட்டால் கோடு தலைகீழாக −1, −2 என்று வரும்.